வேலை செய்யாத மின்னோட்டம்



மின்னியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுடன் பல ஆண்டுகள் கழித்தவன் நான். அங்கே ஆண்டுதோறும் தவறாமல் எழும் ஒரு கேள்வியிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். பழைய வகைக் குழல் விளக்கு ஒன்றை மேசைமீது பொருத்தி வைத்திருப்போம். 40 வாட் குழாய். அதனுடன் இரும்பு உள்ளகத்தின்மீது செம்புக் கம்பி சுற்றிய சோக்கு. பக்கத்தில் சிறிய ஸ்டார்ட்டர். சுற்றில் மூன்று மானிகளை இணைத்திருப்போம். வோல்ட்மீட்டர் 230 வோல்ட் காட்டும். அம்மீட்டர் 0.43 ஆம்பியர் காட்டும். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 99 வருகிறது. ஆனால் மூன்றாவது மானியாகிய வாட்மீட்டரோ 50 வாட் என்று மட்டுமே சொல்லும். குழாய்க்கு 40, சோக்கு சூடாவதற்கு 10, ஆக 50. கணக்கு சரிதான். அப்படியானால், “ஐயா, மீதி 49 எங்கே போயிற்று?” என்று யாராவது ஒரு மாணவர் கேட்டே தீருவார்.

நல்ல கேள்விதான். ஆயினும் அதனுள் இரண்டு பிழையான எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஏதோ ஒன்று காணாமற் போய்விட்டது என்பது ஒன்று. காணாமற் போனதன் அளவு 49 என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நீக்கிவிட்டால் திறன் காரணி என்னும் பொருள் தானே விளங்கிவிடும். பட்டறைகளிலும் ஆலைகளிலும் இதைப் பவர் பாக்டர் என்றே வழங்குகிறார்கள். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே.

நம் வீடுகளுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். அதன் அழுத்தம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கித் திசை மாறி மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. இஸ்திரிப் பெட்டியை இணைத்தால், அழுத்தம் ஏறும்போது மின்னோட்டமும் ஏறும். அழுத்தம் சுழியாகும்போது மின்னோட்டமும் சுழியாகும். இரண்டும் கைகோத்துச் செல்கின்றன. அங்கே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் சரியாகவே வரும்.

சோக்கின் குணம் வேறு. கம்பிச் சுருளில் மின்னோட்டம் ஓடினால் காந்தப் புலம் உண்டாகிறது. அந்தப் புலத்தை எழுப்ப ஆற்றல் வேண்டும். அதைச் சுருள் மின்வழியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மின்னோட்டம் குறையும்போது புலம் சுருங்குகிறது. எடுத்த ஆற்றலை அப்போது மின்வழிக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. விநாடியில் இருநூற்றில் ஒரு பங்கு நேரம் வாங்குகிறது. அடுத்த இருநூற்றில் ஒரு பங்கு நேரம் கொடுக்கிறது. இவ்வாறு விநாடிக்கு 100 முறை கொடுக்கல் வாங்கல் ஓயாமல் நடக்கிறது. இந்தக் குணத்தால் சுருளின் மின்னோட்டம் அழுத்தத்தோடு ஒத்துச் செல்லாமல் பின்தங்குகிறது. தூய சுருளாயின் கால் சுற்று பின்தங்கும். நம் குழல் விளக்கிலோ வெளிச்சமாகவும் வெப்பமாகவும் செலவாகும் பகுதியும் சேர்ந்திருப்பதால், மொத்த மின்னோட்டம் அழுத்தத்துக்குச் சுமார் 60 பாகை, அதாவது விநாடியில் முந்நூற்றில் ஒரு பங்கு, பின்தங்கி வருகிறது.

இதைக் கண்முன் நிறுத்திக்கொள்ள ஒரு வீட்டு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அடுத்த வீட்டு அம்மையார் காலையில் நம் வீட்டிலிருந்து ஒரு மரக்கால் அரிசியைக் கடனாக வாங்குகிறார். மாலையில் அளவு குறையாமல் திருப்பி அனுப்பிவிடுகிறார். மறுநாளும் அப்படியே. மாதக் கடைசியில் நம் குதிரில் அரிசி குறைந்திருக்காது. ஆனால் நாள்தோறும் அந்த மரக்காலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு நடந்த வேலைக்காரப் பையனைக் கேட்டுப் பாருங்கள். அவன் கால்வலி பொய்யன்று. மேலும், அவன் கையில் கடன் அரிசி இருக்கும் வேளையில் வேறு மூட்டையைத் தூக்க இயலாது. மின்சாரத்தில் அந்தப் பையனுடைய இடத்தில் இருப்பவை கம்பிகளும், மின்மாற்றிகளும், மின்நிலையத்து ஆக்கிகளும் ஆகும்.

ஆகவே, ‘மீதி எங்கே போயிற்று’ என்பதற்கு விடை: எங்கும் போகவில்லை, போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. இவ்வாறு போய் வருவதற்காகவே ஓடும் மின்னோட்டப் பகுதியைப் பாடநூல்கள் சுழித்திறன் மின்னோட்டம் என்கின்றன. அது சுமந்து சென்று செலவிடும் சராசரித் திறன் சுழி. அதனால் அந்தப் பெயர்.

இனி அந்த 49 என்னும் எண்ணுக்கு வருவோம். வேலை செய்யும் மின்னோட்டம் அழுத்தத்தோடு ஒத்துச் செல்கிறது. சுழித்திறன் மின்னோட்டம் அதற்குக் கால் சுற்று பின்னால் வருகிறது. ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றொன்று சுழியில் இருக்கிறது. எனவே இவற்றைச் சாதாரணக் கூட்டலாகக் கூட்ட முடியாது. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலவே கூட்டவேண்டும். பித்தாகரசின் தேற்றம் இங்கே எதிர்பாராத விருந்தாளியாக வந்து நிற்கிறது. ஒரு பக்கம் 50 வாட். கர்ணம் 99 வோல்ட்-ஆம்பியர். மற்றொரு பக்கம் எவ்வளவு? 99-இன் வர்க்கத்திலிருந்து 50-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் காணுங்கள். ஏறக்குறைய 85 வரும். 49 அன்று, 85. அதாவது இந்த விளக்கில் வேலை செய்யும் பங்கைவிட வெறுமனே போய் வரும் பங்கே பெரிது. இப்பங்கின் அலகை வார் என்பர். ஆயிரம் வார் சேர்ந்தது ஒரு கிலோவார்.

உண்மையான வாட்டை, வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கிய தொகையால் வகுத்தால் கிடைக்கும் பின்னமே திறன் காரணி. இங்கே 50-ஐ 99-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.5. முக்கோணவியல் படித்தவர்கள் 60 பாகையின் கொசைன் 0.5 என்பதை நினைவுகூர்வார்கள். இரண்டும் ஒன்றே. இஸ்திரிப் பெட்டிக்கு இது 1. ஒன்றுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பயனுடையது.

இவ்வளவு தொல்லை தரும் சோக்கை ஏன் வைக்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். குழாயினுள் இருக்கும் பாதரச ஆவியும் ஆர்கான் வாயுவும் ஒருமுறை மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிட்டால் தடையின்றிக் கடத்தும் இயல்புடையவை. மின்னோட்டம் மிகமிகக் குழாயின் தடை குறைந்துகொண்டே போகும். கடிவாளம் இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் குழாயே அழிந்துவிடும். அந்தக் கடிவாளமாகச் சோக்குக்குப் பதில் ஒரு மின்தடையை வைத்தாலும் விளக்கு எரியும். ஆனால் குழாய்க்கு வேண்டிய அழுத்தம் சுமார் 100 வோல்ட்தான். எஞ்சிய 130 வோல்ட்டையும் அந்தத் தடையே விழுங்கவேண்டும். 130-ஐ 0.43-ஆல் பெருக்குங்கள்: சுமார் 56 வாட், விளக்கு எரியும் நேரமெல்லாம் வெறும் சூடாகப் போய்விடும். சோக்கோ அதே கடிவாள வேலையை 10 வாட் இழப்பில் செய்து முடிக்கிறது. போதாக்குறைக்கு, ஸ்டார்ட்டர் திறக்கும் கணத்தில் உயர்ந்த அழுத்தத்தை எழுப்பிக் குழாயைத் தூண்டி எரியச் செய்வதும் அதே சோக்குதான். ஆதலால் சுழித்திறன் மின்னோட்டத்தை வெறும் வீண் என்று ஏசிவிடக் கூடாது. வாட்டை மிச்சப்படுத்தியதற்கு நாம் கொடுத்த விலை அது.

அந்த விலையையும் குறைக்க வழி உண்டு. மின்தேக்கியும் சோக்கைப்போலவே வாங்கித் திருப்பித் தருவதுதான். ஆனால் அது ஆற்றலைக் காந்தப் புலத்தில் அல்லாமல் மின்புலத்தில் தேக்குகிறது. அதன் மின்னோட்டம் அழுத்தத்துக்குக் கால் சுற்று முன்னால் செல்கிறது. இதன் விளைவைக் கவனியுங்கள். சோக்கு வாங்கும் நேரம் எதுவோ அதுவே மின்தேக்கி கொடுக்கும் நேரம். சோக்கு கொடுக்கும் நேரத்தில் மின்தேக்கி வாங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்துவிட்டால் கொடுக்கல் வாங்கல் அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். அரிசி கேட்கும் அம்மையாருக்கு எதிர்வீட்டிலேயே, இவர் தரும் வேளையில் கேட்டும், இவர் கேட்கும் வேளையில் தந்தும் உதவுகிற ஒருவர் குடிவந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பையன் தெருவில் அலையவேண்டியதில்லை.

ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்தே காட்டுவோம். விளக்கும் சோக்கும் சேர்ந்த சுற்றுக்குக் குறுக்கே 4 மைக்ரோபாரட் அளவுள்ள மின்தேக்கி ஒன்றை இணைக்கிறோம். 230 வோல்ட்டில் அது எடுக்கும் மின்னோட்டம் சுமார் 0.29 ஆம்பியர், வோல்ட்-ஆம்பியராகச் சொன்னால் 66. முன்பு போய் வந்த 85-இல் 66 கழிந்தது, எஞ்சியது 19. பழைய 50 வாட் அப்படியே இருக்கிறது. முக்கோணத்தை மீண்டும் வரைந்தால் கர்ணம் 53 அல்லது 54 என வரும். அம்மீட்டர் 0.43-இலிருந்து 0.23-க்கு இறங்கிவிடுகிறது. திறன் காரணி 0.93. விளக்கின் ஒளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை; வாட்மீட்டரின் முள் அசையவும் இல்லை. முதல்முறை பார்க்கும் மாணவர்கள் அம்மீட்டர் பழுதாகிவிட்டது என்று அதைத் தட்டிப் பார்ப்பதுண்டு. இன்னொன்றும் சொல்லவேண்டும். குறைந்தது மின்தேக்கிக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட கம்பியில்தான். மின்தேக்கிக்கும் சோக்குக்கும் இடையே அம்மீட்டரை மாற்றிப் பாருங்கள். அங்கே பழைய 0.43 ஆம்பியரே ஓடிக்கொண்டிருக்கும். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

குழல் விளக்கை விட்டு இப்போது மோட்டாருக்கு வருவோம். கிணற்றிலும் மாவு மில்லிலும் பட்டறையிலும் சுழல்வன பெரும்பாலும் தூண்டல் மோட்டார்கள். அவற்றுள்ளும் காந்தப் புலமே வேலை செய்கிறது. நிலையாக நிற்கும் பகுதிக்கும் சுழலும் பகுதிக்கும் இடையே மெல்லிய காற்று இடைவெளி ஒன்று உண்டு. காந்தப் புலம் அந்த இடைவெளியைத் தாண்டவேண்டும். இரும்பில் எளிதாகச் செல்லும் புலம் காற்றில் அப்படிச் செல்லாது. அதனால் புலத்தை எழுப்பக் கணிசமான சுழித்திறன் மின்னோட்டம் தேவைப்படுகிறது. மோட்டார் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதைப் பெரிதும் பொருட்படுத்தாமல் இந்தத் தேவை ஏறக்குறைய மாறாமல் நிற்கும்.

5 குதிரைத்திறன் உள்ள மும்முனை மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் முழுப் பாரத்தில் அது சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். மும்முனை மின்சாரமாதலால் 1.73-ஆல் பெருக்கவேண்டும், 5.4 கே.வி.ஏ. ஆகிறது. உண்மையில் செலவாவது 4.4 கிலோவாட். திறன் காரணி 0.8-க்குச் சற்று மேல். இப்போது பாரத்தைக் கழற்றிவிட்டு மோட்டாரை வெறுமனே சுழலவிடுங்கள். மின்னோட்டம் மிகவும் குறைந்துவிடும் என்று எதிர்பார்ப்போம், 3.2 ஆம்பியரில் நின்றுவிடும். ஆனால் செலவாகும் திறன் 0.35 கிலோவாட் அளவுதான். திறன் காரணி 0.15-க்கு வீழ்ந்துவிட்டது. ‘இருக்கட்டுமே’ என்று 5 குதிரைத்திறன் போதுமான இடத்தில் 10 குதிரைத்திறன் மோட்டாரை வாங்கி வைப்பவர்கள் செய்வது இதுதான். பெரிய மோட்டாரை அரைகுறைப் பாரத்தில் ஓட்டி, பெரிய காந்தத்தை நாள் முழுவதும் தீனி போட்டு வளர்க்கிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்பதை நான் நேரில் கண்ட ஒரு கோடைக்காலத்தைக் கொண்டு சொல்கிறேன். என் சிற்றப்பாவின் கிணறு, ஊருக்குப் பொதுவான 100 கே.வி.ஏ. மின்மாற்றியிலிருந்து செல்லும் கம்பியின் கடைசியில் இருக்கிறது. அந்த ஒரே பருவத்தில் அவருடைய மோட்டாரின் காயில் இரண்டு முறை எரிந்துவிட்டது. முதல்முறை காயில் கட்டியவர் செம்பு சரியில்லை என்றார்கள். இரண்டாம் முறை பம்பு சரியில்லை என்றார்கள். கடலைப் பயிர் வாடிக்கொண்டிருந்தது. “கம்பியில் வருகிற மின்சாரத்திலேயே சத்து இல்லை, தம்பி” என்று சிற்றப்பா என்னிடம் சொன்னார். படிக்காதவர் சொன்ன அந்த முடிவே எல்லாவற்றிலும் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.

வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தேன். மின்சாரம் வந்தவுடன் எல்லாக் கிணறுகளிலும் மோட்டார் ஓடத் தொடங்கியபின், கம்பியின் கடைசியில் 415-க்குப் பதிலாக 340 வோல்ட்தான் இருந்தது. பம்பு கேட்கும் வேலையோ குறைவதில்லை. அழுத்தம் குறைந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கவேண்டும். 7.5 ஆம்பியர் எடுக்கவேண்டியது 9-க்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது. காயிலில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எரியாமல் என்ன செய்யும்?

அழுத்தம் ஏன் அவ்வளவு விழுந்தது? அந்த மின்மாற்றியில் 18 மோட்டார்கள் ஓடின. ஒவ்வொன்றும் 5.4 கே.வி.ஏ. என்றால் மொத்தம் 97. மின்மாற்றி கழுத்து மட்டும் நிறைந்திருந்தது. அத்தனை ஆம்பியரும் நீண்ட மெல்லிய கம்பி வழியே செல்லும்போது வழியிலேயே அழுத்தம் கரைகிறது. மின்மாற்றியின் சுருள்களிலும் கம்பிகளிலும் உள்ள தூண்டல் தன்மை, சுழித்திறன் மின்னோட்டம் ஓடும்போது குறிப்பாக அதிக அழுத்தத்தை விழச் செய்கிறது. கிணற்றடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். பலவற்றில் மின்தேக்கிப் பெட்டி சுவரில் இருந்தது. கம்பி மட்டும் கழற்றிவிடப்பட்டிருந்தது. எப்போதோ ஒரு பெட்டி வீங்கி வெடித்ததாம். அன்றிலிருந்து அது ‘ஆகாத சாமான்’ ஆகிவிட்டது.

ஒரு மோட்டாருக்கு 2 கிலோவார் மின்தேக்கி வைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிடுவோம். 5.4-ஐக் கர்ணமாகவும் 4.4-ஐ ஒரு பக்கமாகவும் கொண்டால், போய் வரும் பங்கு 3.1 கிலோவார். அதில் 2 கழிந்தால் 1.1. புதிய கர்ணம் 4.54. கம்பியில் ஓடும் மின்னோட்டம் 7.5-இலிருந்து 6.3 ஆம்பியருக்கு இறங்குகிறது. 16 விழுக்காடு குறைவுதானே என்று எண்ணவேண்டாம். கம்பியில் வெப்பமாகும் இழப்பு வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் அது சுமார் 29 விழுக்காடு குறைகிறது. 18 மோட்டார்களால் நிறைந்திருந்த மின்மாற்றி இப்போது 21 மோட்டார்களைத் தாராளமாகத் தாங்கும். புதிய மின்மாற்றி வாங்காமல், புதிய கம்பி இழுக்காமல், மூன்று கிணறுகளுக்கு இடம் கிடைத்துவிட்டது.

ஊரார் கூடிப் பேசி எல்லாக் கிணறுகளிலும் மின்தேக்கிகளைப் புதிதாகப் போட்டார்கள். கடைசிக் கிணற்றில் 340 வோல்ட் 360 ஆனது. 415 ஆகவில்லை. ஆகவும் முடியாது, மெல்லிய கம்பியின் தடையால் விழும் அழுத்தத்தில் பெரும்பகுதி, வேலை செய்யும் மின்னோட்டத்தால் விழுவது. அதற்கு மருந்து தடித்த கம்பியோ அருகில் இன்னொரு மின்மாற்றியோதான், மின்தேக்கி அன்று. எனினும் அந்த 20 வோல்ட் சிற்றப்பாவின் காயிலைக் காப்பாற்றிற்று. அவர் ஒருவர் மட்டும் தம் கிணற்றில் மின்தேக்கி வைத்திருந்தால் மிகச் சிறிய பயனே கண்டிருப்பார். கம்பி எல்லாருக்கும் பொது. அண்டை வீட்டார் இழுக்கும் சுழித்திறன் மின்னோட்டமும் நம் அழுத்தத்தைத்தான் விழச் செய்கிறது.

மின்தேக்கியை எங்கே, எவ்வளவு வைப்பது என்பதில் இரண்டு எச்சரிக்கைகள் சொல்லவேண்டும். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இங்கே உதவும். மின்தேக்கிக்கு இப்பால் மோட்டார் தன் பழைய 7.5 ஆம்பியரையே எடுக்கிறது, அப்பால் 6.3 ஓடுகிறது. ஸ்டார்ட்டர் பெட்டியில் மிகைப்பாரத்தைக் கண்டு மோட்டாரை நிறுத்தும் ரிலே ஒன்று உண்டு. மின்தேக்கியை ரிலேக்கும் மோட்டாருக்கும் நடுவே இணைத்தால், ரிலே காண்பது 6.3 மட்டுமே. அதைப் பழையபடி 7.5-இல் வைத்துவிட்டால், மோட்டார் அளவுக்குமேல் உழைத்துச் சூடாகும்போதும் ரிலே எல்லாம் நலம் என்று இருந்துவிடும். மின்தேக்கி வைத்தவுடன் ரிலேயின் அளவையும் குறைத்து வைக்கவேண்டும். இதை மறந்தவர்கள் மின்தேக்கியால்தான் மோட்டார் எரிந்தது என்று பழி சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது, 2 கிலோவார் நல்லதென்றால் 4 இன்னும் நல்லது என்று நினைப்பது. மோட்டார் வெறுமனே சுழலும்போது எடுக்கும் சுழித்திறன் பங்கு சுமார் 2.27 கிலோவார்தான். அதனினும் மிகுந்த மின்தேக்கியை மோட்டாரோடு சேர்த்துக் கட்டிவிட்டால், சுவிட்சை அணைத்தபின் ஒரு விபரீதம் நேரலாம். மின்வழி துண்டிக்கப்பட்டும் மோட்டார் சிறிது நேரம் தன் வேகத்திலேயே சுழல்கிறது. அதற்கு வேண்டிய காந்தமூட்டும் மின்னோட்டத்தை மின்தேக்கி தந்துகொண்டிருப்பதால், மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வழக்கத்தைவிட உயர்ந்த அழுத்தத்தை எழுப்பிவிடும். காப்புறைகள் அதனால் கெடும். எனவே வெறுமனே சுழலும்போது எடுக்கும் பங்கில் 90 விழுக்காட்டுக்கு மேல் மின்தேக்கி வைப்பதில்லை என்பது பொறியாளர்களின் வழக்கம். நம் 2 கிலோவார் அந்த எல்லைக்குள் அடங்குகிறது.

மின்தேக்கி செத்துவிட்டதா என்று அறிவது எளிது. சிக்கல் என்னவென்றால் அது சத்தமின்றிச் சாகும். மோட்டார் வழக்கம்போல் ஓடும். தண்ணீர் வழக்கம்போல் வரும். மின்தேக்கிக்குச் செல்லும் கம்பியை டாங் டெஸ்டரின் வளையத்துக்குள் விட்டுப் பார்க்கவேண்டும். 415 வோல்ட்டில் 2 கிலோவார் மின்தேக்கி ஒவ்வொரு முனையிலும் சுமார் 2.8 ஆம்பியர் எடுக்கவேண்டும். அழுத்தம் குறைந்திருந்தால் அதற்கேற்பச் சற்றுக் குறையும். ஒரு முனையில் பாதியும் மற்றொன்றில் சுழியும் காட்டினால் பெட்டியை மாற்றவேண்டியதுதான். தொடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிவதற்கென்று வைத்துள்ள மின்தடை அறுந்திருந்தால், பெட்டி நெடுநேரம் அடிக்கக் காத்திருக்கும். அனுபவமுள்ள பணியாளர் அன்றி மாணவர்கள் இதில் கை வைக்கலாகாது.

இப்போது ஒரு பெட்டியைப் பற்றி எச்சரிக்கவேண்டியிருக்கிறது. சுவரிலுள்ள பிளக்கில் செருகிவிட்டால் வீட்டு மின்கட்டணம் பாதியாகும் என்று சொல்லி விற்கப்படும் சிறு பெட்டிகள் கடைத்தெருவில் உலவுகின்றன. உடைத்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு சிறு மின்தேக்கியும், எரிந்து காட்டும் ஒரு சிறு விளக்குமே இருக்கும். மின்தேக்கி திறன் காரணியைத் திருத்தும் என்பது மெய். அதைக் கேட்டுத்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் நாம் கண்டதென்ன? அம்மீட்டர் இறங்கியது, வாட்மீட்டர் அசையவில்லை. வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட், வாட்டையும் நேரத்தையும் பெருக்கிய கணக்கு. போய்த் திரும்பும் பங்குக்கு வீட்டுக்காரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வாங்காத கட்டணத்தை எந்தப் பெட்டியால் மிச்சப்படுத்த முடியும்? பெரிய ஆலைகளின் நிலை வேறு. அவர்களுக்குக் கே.வி.ஏ. அளவிலும் கட்டணம் உண்டு. திறன் காரணி குறித்த எல்லைக்குக் கீழே போனால் கூடுதல் தொகையும் விதிக்கப்படுகிறது. அதனால் அவர்கள் மின்தேக்கிகளை அடுக்கி வைத்து, பாரம் ஏறி இறங்குவதற்கேற்பத் தாமே இணைந்தும் விலகியும் கொள்ளும்படி ஏற்பாடு செய்கிறார்கள்.

குழல் விளக்கின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, பொது விளக்குகளாகப் பயன்படும் குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென்று முடிவு செய்தன. அவற்றின் இடத்தை எல்.இ.டி. விளக்குகள் பிடித்துவிட்டன. அவற்றில் இரும்புச் சோக்கு இல்லை. ஆயினும் மலிவான எல்.இ.டி. பல்பு ஒன்றை அதே மூன்று மானிகளோடு இணைத்துப் பார்த்தால் திறன் காரணி மறுபடியும் 0.5-ஐ ஒட்டி நிற்பதைக் காணலாம். இங்கே மின்னோட்டம் பின்தங்கவில்லை. அதன் அலை வடிவமே குலைந்திருக்கிறது. அழுத்தம் உச்சியை நெருங்கும்போது மட்டும் ஒரு சிறு துடிப்பாக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு மற்ற நேரத்தில் அந்தப் பல்பு சும்மா இருக்கிறது. இதற்கு மின்தேக்கியைக் குறுக்கே இணைத்தால் பயனில்லை. பின்தங்காத ஒன்றை முன்னுக்குத் தள்ளி என்ன செய்வது? மின்னோட்டத்தின் வடிவைத் திருத்தும் தனிச் சுற்றைப் பல்பின் உள்ளேயே வைத்தாக வேண்டும். ஆய்வுக்கூடத்து மேசைமீது இப்போது பழைய குழல் விளக்குக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட பல்பு ஒன்றையும் வைத்திருக்கிறோம். மாணவர்கள் கொண்டுவந்து இணைக்கும் 4 மைக்ரோபாரட் மின்தேக்கி இம்முறை அம்மீட்டரின் முள்ளை இறக்காமல் மேலே ஏற்றிவிடுகிறது.